சொந்தக் கடையில் சம்பளமில்லாமல் உழைக்கும் நேரத்துக்கு என்ன விலை? இரண்டாவது கடை போடுமுன் வரும் கேள்விகள்

வேலூர்ப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் கிளை திறக்கும் யோசனையோடு கணக்கைக் கொண்டுவரும்போது கேட்கும் கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே குடும்பத்தை உதாரணமாக வைத்திருக்கிறேன். குடும்பமும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. அந்த இடங்களில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

"காட்பாடியில் எங்களுக்கு மரச்செக்கு எண்ணெய்க் கடை இருக்கிறது. சத்துவாச்சாரியில் இன்னொன்று போட்டால் எல்லாச் செலவும் போக மாதம் பத்தாயிரம் நிற்கும் போலிருக்கிறது. போடலாமா?"

முதலில் அந்தப் பத்தாயிரம் எப்படி வந்தது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ மல்லாட்டைப் பருப்பு ஆட்ட வேண்டும். பருப்பு விலை, கரண்ட், பாட்டில் எல்லாம் போக, புண்ணாக்கு விற்ற காசையும் சேர்த்தால் இந்தக் குடும்பத்துக்கு லிட்டருக்கு 60 ரூபாய் நிற்கிறது. புதுக் கடையில் மாதம் 800 லிட்டர் விற்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படியானால் 48,000 ரூபாய் வரும்.

செலவில் கடை வாடகை 12,000, செக்கு ஓட்டும் ஆளுக்கு 13,000, சில்லறைச் செலவு 2,000. செக்குக்கும் உள்வேலைகளுக்கும் ஐந்து லட்சம் கடன் வாங்குகிறார்கள். 12 சதவீத வட்டி, ஐந்து வருடத் தவணை என்றால் மாதத் தவணை சுமார் 11,100. எல்லாம் சேர்த்து 38,100. மிச்சம் 9,900.

இந்தக் கணக்கில் தப்பு இல்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. அந்த 9,900 வர யார் எத்தனை மணி நேரம் கொடுக்கிறார்கள் என்பது எங்கேயும் இல்லை. கணவர் தினமும் நான்கு மணி நேரம் புதுக் கடையில் இருக்க வேண்டும். பாலாற்றுப் பாலத்து நெரிசலோடு போய்வர இன்னொரு மணி நேரம். மாதம் 26 நாளுக்கு 130 மணி. அவர் இல்லாத நேரத்தில் காட்பாடிக் கடையை மனைவி தினமும் மூன்று மணி நேரம் கூடுதலாகப் பார்க்க வேண்டும், அது 78 மணி. மொத்தம் 208 மணி. 9,900-ஐ 208-ஆல் வகுத்தால் மணிக்கு 48 ரூபாய்கூட வரவில்லை. அவர்களுடைய செக்கு ஓட்டும் ஆள் எட்டு மணி நேரம், 26 நாள் வேலை செய்து 13,000 வாங்குகிறார், அதாவது மணிக்கு 62 ரூபாய். கடனுக்குக் கையெழுத்துப் போடுபவருக்கு அதைவிடக் குறைவு.

இதை வைத்து உடனே வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டேன். அந்த 208 மணி நேரத்தில் இப்போது என்ன நடக்கிறது என்பதுதான் அடுத்து தெரிய வேண்டியது.

"நாங்கள் யாருக்கும் சம்பளம் கொடுக்கப் போவதில்லை. கையை விட்டுப் போகாத காசை எப்படிச் செலவு என்கிறீர்கள்?"

கல்லாவிலிருந்து போகாது, வேறு பக்கம் வராமல் போகும். பொருளாதாரப் பாடத்தில் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். ஒரு நேரத்தை இங்கே கொடுப்பதால் வேறெங்கே கிடைக்காமல் போகிறதோ அதுதான் அந்த நேரத்தின் விலை.

காட்பாடிக் குடும்பத்தில் இப்படிப் போகும் காசு நிஜமாகவே இருக்கிறது. மனைவி மத்தியானம் மூன்று மணி நேரம் பிளவுஸ் தைக்கிறார். நூல், லைனிங் போக அதில் மாதம் 4,000 வருகிறது. கடையில் உட்கார்ந்தால் அந்த வேலை நின்றுவிடும். கணவர் காலையில் சராசரியாக இரண்டு மணி நேரம் அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் சுற்றி விவசாயிகளிடம் நேராக மல்லாட்டை பிடிக்கிறார். காட்பாடிக் கடைக்கு மாதம் வேண்டிய 3,000 கிலோ பருப்பில் பாதி அப்படித்தான் வருகிறது. மண்டியைவிடக் கிலோவுக்கு 3 ரூபாய் குறைவாக விழுகிறது. சத்துவாச்சாரிக்கு ஓடினால் இந்தச் சுற்றல் நிற்கும், மொத்தத்தையும் மண்டியில் வாங்க வேண்டியிருக்கும். 1,500 கிலோவுக்கு 4,500 ரூபாய்.

9,900-இல் இந்த இரண்டையும் கழித்தால் நிற்பது 1,400. கணவரின் 130 மணியில் கொள்முதல் சுற்றலிலிருந்து எடுத்தது 52 மணி. மீதி 78 மணி அவர் தூக்கத்திலிருந்தும் பிள்ளைகளோடு இருக்கும் நேரத்திலிருந்தும் எடுப்பது. அதற்குக் கூலி 1,400 ரூபாய், மணிக்கு 18.

இதில் கற்பனைச் சம்பளம் எதையும் நான் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தையல் காசும் மல்லாட்டை விலை வித்தியாசமும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பணம். புதுக் கடையின் நோட்டில் அவை வராது, ஏனென்றால் நஷ்டம் நடப்பது பழைய கடையிலும் தையல் மெஷினிலும். கிளை திறந்த பலர், "புதுக் கடை நல்லாத்தான் போகுது, ஆனா வீட்டில் பணம் முன்னைவிட இறுக்கமா இருக்கு" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

"என் நேரத்துக்கு எந்த விலை போடுவது? எனக்குப் பதிலாக ஆள் வைத்தால் ஆகும் சம்பளமா, நான் வெளியே போனால் கிடைக்கும் சம்பளமா?"

இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விலைகள். இது குடும்பத்துக்குக் கட்டுமா என்று பார்க்கும்போது உங்கள் நேரம் வேறெங்கே போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதைப் போடுங்கள். இந்தத் தொழில் நான் இல்லாமலும் நிற்குமா என்று பார்க்கும்போது மாற்று ஆளின் சம்பளத்தைப் போடுங்கள்.

முதல் விலையில் நேர்மை வேண்டும். ராணிப்பேட்டை சிப்காட்டில் பத்து வருடம் முன்னால் சூப்பர்வைசராக இருந்தேன், இப்போது போனால் நாற்பதாயிரம் தருவார்கள் என்று சிலர் எழுதிக்கொண்டு வருவார்கள். போய்க் கேட்டீர்களா என்றால் இல்லை. 48 வயதில், பத்து வருட இடைவெளிக்குப் பிறகு, யாராவது உண்மையில் கொடுக்கத் தயாராக இருக்கும் சம்பளம்தான் கணக்கு. அது 18,000 என்றால் 18,000. எங்கேயும் வேலை கிடைக்காது என்றாலும் உடனே பூஜ்யம் போட வேண்டாம், பழைய கடையிலேயே அந்த நேரம் என்ன சம்பாதிக்கிறது என்று பாருங்கள். சின்னக் கடைகளில் முதலாளியின் நேரத்துக்கு நல்ல விலை கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொன்று. மனைவியின் தையல் வருமானம் 4,000 போகிறது என்று கழித்துவிட்டு, அதே 78 மணிக்கு அவருக்கு மணிக்கு இவ்வளவு என்று மறுபடியும் சம்பளம் கழிக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தை ஒரு தடவைதான் கழிக்கலாம். இப்படி இரண்டு முறை கழித்து, நல்ல யோசனையைக் கைவிட்டவர்களும் உண்டு.

"நான் இப்போதே காலை ஏழிலிருந்து ராத்திரி ஒன்பது வரை கடையில்தானே இருக்கிறேன். அந்த உழைப்பையெல்லாம் சேர்க்க வேண்டுமா?"

விரிவாக்கம் வேண்டுமா என்ற முடிவுக்கு வேண்டாம். கிளை திறந்தாலும் திறக்காவிட்டாலும் மாறாத நேரம் இந்தக் கணக்கில் வராது, கூடும் நேரமும் இடம் மாறும் நேரமும்தான் வரும்.

மத்தியானம் ஒன்றிலிருந்து நான்கு வரை கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அந்த நேரத்தில் அதே இடத்தில் நல்லெண்ணெயும் ஆட்டலாம் என்ற யோசனைக்கு உங்கள் உழைப்பின் விலை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதே மூன்று மணியை இன்னொரு ஊரில் செலவழிக்க வேண்டும் என்றால் கதை வேறு. அப்போது காட்பாடியில் கதவைச் சாத்த வேண்டும், இல்லை யாரையாவது உட்கார வைக்க வேண்டும். உள்ளேயே பெருக்குவதும் வெளியே கிளை விடுவதும் செலவில் இவ்வளவு வேறுபடுவது இதனால்தான்.

பழைய கடையின் முழு உழைப்பையும் எண்ண வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, இந்தத் தொழிலைத் தொடர்ந்து நடத்தலாமா என்பது. காட்பாடிக் கடையில் 1,200 லிட்டர் விற்று, வாடகை, ஆள் கூலி, சில்லறை போக 48,000 நிற்கிறது. அதில் கணவருக்கு வெளியே கிடைக்கக்கூடிய 25,000-ஐயும், மனைவி ஏற்கெனவே கடையில் கொடுக்கும் நேரத்துக்கு ஒரு 7,000-ஐயும் எடுத்து வைத்தால் 16,000 மிஞ்சுகிறது. அதாவது கடை தன் காலில் நிற்கிறது. கணவனும் மனைவியும் உழைத்து 48,000 "லாபம்" என்று சொல்லும்போது அதில் எவ்வளவு கூலி, எவ்வளவு லாபம் என்று பிரித்துப் பார்த்த கடைக்காரர்கள் குறைவு.

"அப்பா வீட்டில் சும்மா இருப்பதற்குக் கல்லாவில் உட்காருகிறார். அவருக்குமா கணக்கு?"

அவருக்கு வேறு வருமானம் இல்லை, கடையில் இருப்பது பிடித்தும் இருக்கிறது என்றால் வாய்ப்புச் செலவு பூஜ்யத்துக்குப் பக்கம்தான். அதில் வம்பு செய்ய வேண்டாம். ஆனால் மாற்று ஆளின் விலையை ஓரத்தில் எழுதி வையுங்கள். 72 வயதுக்காரர் தினமும் நான்கு மணி நேரம் உட்காருவார் என்பதை நம்பி ஐந்து வருடக் கடன் வாங்குகிறீர்கள். அவருக்கு முடியாமல் போய் ஒரு ஆளை வைத்தால் அதே கணக்கு தாங்குமா என்று பாருங்கள். பண விஷயத்தில் வேறு ஆளை நம்ப முடியாத கடைகளில் அப்பாவுக்கு மாற்றே இருக்காது, அதையும் யோசியுங்கள்.

"படிப்பு முடிக்கப்போகும் பையனைப் புதுக் கடையில் உட்கார வைக்கலாம் என்று நினைக்கிறோம்."

அவருக்குப் போட வேண்டியது இன்றைக்குக் கிடைக்கும் முதல் சம்பளம் மட்டும் இல்லை. வேலையில் முதல் இரண்டு மூன்று வருடம் சம்பாதிப்பதைவிடக் கற்றுக்கொள்வதுதான் அதிகம், அதை விட்டால் பிறகு நுழைவது கஷ்டம். அவருக்கே வியாபாரத்தில் ஆசை என்றால் அது வேறு விஷயம், அவரிடமே கேளுங்கள். "பையன் இருக்கிறான், ஆள் செலவு மிச்சம்" என்று அப்பா எழுதிய கணக்கில் பையனின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

"சரி, எத்தனை லிட்டர் விற்றால் சத்துவாச்சாரிக் கடை கட்டுப்படியாகும்?"

நீங்கள் அங்கே இல்லாத கடையாக வைத்துக் கணக்குப் போடுங்கள். அதுதான் எனக்குப் பிடித்த முறை. நம்பிக்கையான ஒரு ஆளைப் பொறுப்பாக வைக்க 15,000 என்று வைத்துக்கொள்வோம். செலவு 38,100-லிருந்து 53,100 ஆகிறது. 800 லிட்டரில் 5,100 ரூபாய் துண்டு விழும். அதை அடைக்க இன்னும் 85 லிட்டர் வேண்டும், ஆக 885 லிட்டரில் கைக்கும் வாய்க்கும் சரி.

1,000 லிட்டர் விற்றால் 6,900 நிற்கும். மேற்பார்வைக்குக் கணவர் மாதம் 30 மணி கொடுத்தால் போதும் என்றால் மணிக்கு 230 ரூபாய். மனைவியின் தையலும் நிற்காது, கொள்முதல் சுற்றலும் நிற்காது. மொத்தத் தொகையில் 9,900-ஐவிட 6,900 குறைவுதான், ஆனால் குடும்பத்துக்கு இதுதான் மேல்.

எனவே கேட்க வேண்டியது, சத்துவாச்சாரியில் 1,000 லிட்டர் போகுமா என்பது. ஒரு வீட்டுக்கு மாதம் நான்கு லிட்டர் என்றால் 250 வீடு நிரந்தரமாக வாங்க வேண்டும். இன்றைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காட்பாடிக்கு வந்து வாங்குபவர்கள் எத்தனை வீடு என்று உங்கள் போனில் இருக்கும் ஆர்டர்களை எண்ணினாலே தெரியும். நாற்பது வீடுதான் என்றால், மீதி 210 வீட்டைப் பிடிக்கும் வரை யார் தவணை கட்டுவது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

"அப்படியானால் விரிவாக்கமே வேண்டாம் என்கிறீர்களா?"

இல்லை, எது தட்டுப்பாடு என்று பார்த்து அதற்குக் காசு போடுங்கள் என்கிறேன். காட்பாடியில் இரண்டு செக்கு இருக்கிறது. ஒரு தடவை 15 கிலோ பருப்பு ஆட்டினால் ஆறு லிட்டர், சுமார் ஒரு மணி நேரம். 1,200 லிட்டருக்கு 200 தடவை, நாளைக்கு எட்டு. ஒவ்வொரு செக்கும் நாளில் நான்கு மணி நேரம்தான் ஓடுகிறது, மீதி நேரம் சும்மா நிற்கிறது. இவர்களுக்குச் செக்குப் பஞ்சம் இல்லை, கணவரின் நேரத்துக்குத்தான் பஞ்சம். ஐந்து லட்சம் கடன் வாங்கி மூன்றாவது செக்கு போட்டால், ஏராளமாக இருப்பதை இன்னும் வாங்கி, இல்லாததை இன்னும் இழுக்கிறார்கள்.

இதற்கு மாற்றாக, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் வாரம் இரண்டு நாள் எண்ணெயைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். 300 லிட்டர் போனால் 18,000. பகுதி நேரமாக வண்டி ஓட்டும் பையனுக்கும் பெட்ரோலுக்கும் 8,000, செக்கு ஆளுக்கு அதிக நேரக் கூலி 4,000. நிற்பது 6,000. கணவருக்கு ஆர்டர் எடுக்க, பணம் சரிபார்க்க மாதம் 30 மணி ஆகும். மணிக்கு 200 ரூபாய், கடனும் இல்லை. பத்தாயிரத்துக்கு முன்னால் ஆறாயிரம் சின்னதாகத் தெரிவதால் இந்த யோசனையை முதலில் யாரும் சொல்வதில்லை.

அதோடு, அந்த 250 வீடு இருக்கிறதா இல்லையா என்பதும் ஆறு மாதத்தில் இதிலேயே தெரிந்துவிடும்.

"தவணை ஐந்து வருடத்தில் முடிந்துவிடும். அப்புறம் மாதம் 11,100 மிச்சம்தானே?"

பெரும்பகுதி மிச்சம்தான். உரலும் உலக்கையும் தேயும், மோட்டார் போகும், ஒரு பங்கை அதற்கு ஒதுக்க வேண்டும். ஆனால் ஐந்து வருடம் மணிக்கு 18 ரூபாய்க்கு உழைக்கச் சம்மதமா என்று இன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். களைப்பும் கணக்கில் வரும். முதலாளி தூங்காமல் ஓடும் கடையில் முதலில் கெடுவது சரக்கின் தரம், காயாத பருப்பை மூட்டை பிரித்துப் பார்க்காமல் வாங்கிவிடுவார்.

"என் சம்பளத்தை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாமா?"

தனி உரிமையாளர் என்றால் முடியாது. உங்களுக்கு நீங்களே கொடுக்கும் சம்பளம் செலவாகாது, எடுத்த பணம் சொந்தச் செலவுக்கு எடுத்ததுதான். கூட்டு வணிகமாக இருந்து, வேலை செய்யும் பங்குதாரருக்கு ஊதியம் உண்டு என்று ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதியிருந்தால், சட்டம் சொல்லும் வரம்புக்குள் கழிக்கலாம், அது அவருடைய வருமானமாகும். உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். வரி நோட்டில் இடமில்லை என்பதற்காக முடிவெடுக்கும் நோட்டிலும் எழுதாமல் விடாதீர்கள்.

வங்கி கேட்கும் திட்ட அறிக்கையும் இப்படித்தான். தவணை கட்ட முடியுமா என்பதுதான் அவர்கள் கவலை. உங்கள் மணிக்கு என்ன கிடைக்கிறது என்பதை வங்கி பார்க்காது.

"கிராமத்தில் யாரும் இப்படி வீட்டு உழைப்புக்கு விலை போடுவதில்லையே?"

அரசே போடுகிறது. நீங்கள் ஆட்டும் மல்லாட்டையின் விலையிலேயே அது இருக்கிறது. குறைந்தபட்ச ஆதரவு விலைக்காக வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் சாகுபடிச் செலவைப் பல விதமாகக் கணக்கிடுகிறது. விதை, உரம், கூலி என்று கையிலிருந்து கொடுத்தது ஏ2. அதோடு சம்பளமில்லாத குடும்ப உழைப்புக்கு மதிப்புப் போட்டுச் சேர்த்தது ஏ2+எஃப்.எல். இந்த இரண்டாவது செலவைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு விலை என்பதை 2018-19 முதல் மத்திய அரசு தன் கொள்கையாகச் சொல்கிறது. 2025-26-க்கு நிலக்கடலைக்கு அந்தச் செலவு குவிண்டாலுக்கு 4,842 ரூபாய், ஆதரவு விலை 7,263. சொந்த நிலத்தின் வாடகை, சொந்த முதலின் வட்டி இரண்டையும் சேர்த்த சி2 செலவை வைத்துக் கணக்கிட வேண்டும் என்பது விவசாய சங்கங்களின் நீண்ட நாள் கோரிக்கை.

சொந்தக் கட்டடத்தில் கடை வைத்து, "வாடகை இல்லை" என்று சந்தோஷப்படுபவர்களுக்கு அந்த சி2 பொருந்தும்.

"யாருக்கும் கை கட்டி நிற்காத சொந்தத் தொழில். அதற்கு மதிப்பில்லையா?"

நிறைய இருக்கிறது. அதற்காக மாதம் ஐயாயிரம் குறைவாக வந்தாலும் பரவாயில்லை என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன், அவர் விலை தெரிந்து வாங்குகிறார். ஆனால் அந்தச் சுதந்திரம் காட்பாடிக் கடையிலேயே கிடைத்துவிட்டது. இரண்டாவது கடை அதைக் கூட்டுகிறதா, இல்லை தவணைத் தேதிக்கும் ஆள் வராத நாளுக்கும் கை கட்ட வைக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். இந்தக் கேள்விக்கு மனைவியின் பதிலையும் கேளுங்கள். கூடும் நேரத்தில் பெரும்பங்கு சில வீடுகளில் அவருடையது, சுதந்திரம் என்ற பேச்சு மட்டும் கணவருடையது.

"எத்தனை மணி நேரம் உழைக்கிறோம் என்று எனக்கே தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்பது?"

கல்லாப் பக்கத்தில் ஒரு பழைய நோட்டு வைத்து, நான்கு வாரம் ஒவ்வொருவரும் வந்த நேரம், போன நேரம், என்ன வேலை என்று எழுதுங்கள். நினைவிலிருந்து சொன்னால் தவறும். ராத்திரி வாட்ஸ்அப்பில் எடுத்த ஆர்டர், ஞாயிற்றுக்கிழமை பருப்பு காயவைத்தது, பாட்டில் கழுவியது, பாக்கி வசூலுக்கு அலைந்தது எல்லாம் எழுத வேண்டும். வீட்டுப் பெண்களின் வேலை இந்த இடங்களில்தான் விடுபடும். தீபாவளி, பொங்கலை ஒட்டிய வாரங்களை மட்டும் எடுக்க வேண்டாம், சாதாரண மாதமாக இருக்கட்டும்.

பிறகு ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில், இதை நான்தான் செய்ய வேண்டுமா, 62 ரூபாய் ஆள் செய்யலாமா என்று குறியுங்கள். பாட்டில் கழுவுவதற்கும் கல்லாவில் உட்காருவதற்கும் ஒரே விலை இல்லை. விவசாயியிடம் மல்லாட்டை பிடிக்கும் 52 மணியில் 4,500 மிச்சமாகிறது, மணிக்கு 86 ரூபாய். அதே கணவர் பாட்டில் கழுவும் மணிக்கு அது வராது. கிளை பற்றிய பேச்சை இந்த நோட்டு முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம், கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க அதுவரை அவசரப்பட வேண்டாம்.